கெட்டுப்போன நெல்லின் நட்டத்தை எங்கே எழுதுவது? புழுங்கல் அரிசி மில்லுக்கு மூன்று வழிகள்

பெரும்போக அறுவடை முடிந்து நெல் மில்லுக்குள் குவியும் நேரத்தில்தான் மார்ச் 31ஆம் திகதி கணக்காண்டும் முடிகிறது. களஞ்சியத்தில் அரிசி நிறைந்திருக்கும்போது ஒரு கிலோவின் கிரயத்தைப் பிழையாகப் போட்டால், அந்தப் பிழை அப்படியே அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். கல்முனை, சம்மாந்துறை, ஏறாவூர்ப் பக்கத்து மில்களில் தவிட்டு விற்பனையையும் கெட்டுப்போன நெல்லின் விற்பனையையும் மூன்று விதமாக எழுதுகிறார்கள். மூன்றையும் ஒரே உதாரணத்தில் போட்டுப் பார்ப்போம். கீழே உள்ள விலைகள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்தவை, சந்தை விலைகள் அல்ல.

படுவான்கரையிலிருந்து வந்த 10,000 கிலோ நெல், கிலோ 100 ரூபாய். ஊறப்போடும் வரையான கூலி, தண்ணீர், மின்சாரம் எல்லாம் 20,000 ரூபாய். ஆக, தொட்டியில் இருக்கும் ஒவ்வொரு கிலோவிலும் 102 ரூபாய் ஏறிவிட்டது. அந்த நேரத்தில் கொதிகலனுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் பழுதாகிவிட்டது. மற்றத் தொட்டிகளைச் சமாளித்துவிட்டார்கள். ஒரு சிறிய தொட்டியில் இருந்த 1,000 கிலோ மட்டும் கூடுதலாக ஊறிப் புளித்து, மணம் மாறிவிட்டது. இதை அவித்தாலும் அரிசி நிறம் மங்கி, சோறு மணக்கும். அதனால் அவிக்காமலே வெளியே எடுத்து, மாட்டுத் தீவனத்துக்கு 30,000 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். ஏற்றிக்கொண்டு போகும் செலவு 2,000 மில்லின் தலையில். கையில் மிஞ்சியது 28,000.

மீதி 9,000 கிலோவை அவித்து, காயவைத்து, குத்த இன்னும் 90,000 செலவு. கிடைத்தது 5,940 கிலோ அரிசி, 720 கிலோ தவிடு, 270 கிலோ குறுணல், 1,800 கிலோ உமி. மற்ற 270 கிலோ ஈரமும் தூசியுமாகப் போனது. தவிடு கிலோ 50, குறுணல் கிலோ 80. வாங்குபவரே மில் வாசலில் வந்து ஏற்றிக்கொள்வதால் விற்பனைச் செலவு இல்லை. ஆக 57,600 ரூபாய். உமி முழுவதும் கொதிகலனிலேயே எரிகிறது. அதற்குத் தனி வருமானம் எழுதத் தேவையில்லை, விறகுச் செலவு குறைந்ததே அதன் பலன். செங்கல் சூளைக்கு விற்கும் அளவுக்கு மிஞ்சினால் மட்டும் அதைத் தவிடு மாதிரிப் பார்க்கலாம்.

முதல் வழி, விற்றதெல்லாம் ‘ஏனைய வருமானம்’. எழுதுவது மிகச் சுலபம் என்பதால் இதுதான் அதிகம் நடக்கிறது. செலவு முழுவதும், அதாவது 11,10,000 ரூபாய், 5,940 கிலோ அரிசியின் மேல் ஏறுகிறது. கிலோ 186.87. சந்தையில் மொத்த விலை 175 என்றால், முதலாளி கையைப் பிசைந்துகொண்டு நல்ல ஓடரை வேண்டாம் என்பார். உண்மையில் அந்த ஓடரில் இலாபம் இருக்கிறது. பழைய இரும்பு, கிழிந்த சாக்கு போன்ற சில்லறை விற்பனைக்கு இந்த வழி போதும். ஒவ்வொரு மூட்டை நெல்லிலிருந்தும் தவறாமல் வரும் தவிட்டுக்குப் போதாது.

இரண்டாவது வழி, எல்லா விற்பனையையும் அரிசியின் கிரயத்திலிருந்து கழிப்பது. 11,10,000இலிருந்து 57,600ஐயும் 28,000ஐயும் கழித்தால் 10,24,400. கிலோ 172.46. பார்த்தால் நியாயமாகத் தெரியும், தவிட்டைப் பொறுத்தவரை நியாயமும்தான். ஆனால் பம்ப் பழுதான நட்டம் நல்ல அரிசிக்குள் கரைந்து ஒளிந்துகொள்கிறது. இந்த மூன்றில் எனக்கு அதிகம் பயம் தருவது இந்த வழிதான், ஏனென்றால் கணக்கு ஒழுங்காகக் கூட்டி வரும், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

மூன்றாவது வழி இரண்டையும் பிரிக்கிறது. கெட்ட 1,000 கிலோவை 102 ரூபாய்ப்படி வெளியே எடுத்து அசாதாரண இழப்புக் கணக்கில் 1,02,000 எழுதுகிறோம். தீவனத்துக்கு விற்ற 28,000ஐ அதே கணக்கில் வரவு வைக்கிறோம், தவிட்டோடு சேர்ப்பதில்லை. மீதி 74,000 நேரே இலாபநட்டக் கணக்குக்குப் போகிறது. நல்ல நெல்லின் பக்கம் 9,18,000உம் 90,000உம் சேர்ந்து 10,08,000. தவிடு, குறுணலின் 57,600ஐக் கழித்தால் 9,50,400. கிலோ சரியாக 160 ரூபாய். பம்ப் பழுதாகாத நாளிலும் இதே 160தான் வரும். அரிசியின் கிரயம் என்று சொல்லத்தக்கது அதுதான்.

இலங்கைக் கணக்கீட்டு நியமம் எல்.கே.ஏ.எஸ். 2உம் இந்த வழியையே கேட்கிறது. வழமைக்கு மீறி வீணான மூலப்பொருள், கூலி முதலியன கையிருப்பின் கிரயத்தில் சேரக்கூடாது, அவை அந்தக் காலத்துச் செலவு. சிறிய பெறுமதியுள்ள துணை விளைபொருளைத் தேறிய தேறத்தக்க பெறுமதியில், அதாவது விற்றுச் செலவு போக மிஞ்சும் பெறுமதியில் மதித்து, அதைப் பிரதான பொருளின் கிரயத்திலிருந்து கழிப்பதுதான் பெரும்பாலும் நடப்பது என்றும் அது சொல்கிறது.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 12.46 ரூபாய். 5,940 கிலோவுக்கு அது அதே 74,000. மார்ச் 31இல் அந்த அரிசியில் பாதி களஞ்சியத்தில் இருந்தால், இரண்டாவது வழியில் 37,000 ரூபாய் நட்டம் இருப்புக்குள் சொத்தாக உட்கார்ந்திருக்கும். இந்த ஆண்டின் இலாபமும் அவ்வளவுக்குக் கூடுதலாகத் தெரியும்.

சரி, எது சாதாரண இழப்பு, எது அசாதாரணம்? மேலே ஈரத்திலும் தூசியிலும் போன 270 கிலோ சாதாரணம். அதை நல்ல அரிசியே சுமக்க வேண்டும். அந்த 3 வீத எல்லையை, ஒழுங்காக ஓடிய நாட்களின் நிறையை வைத்து முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும். நெல் கெட்ட பிறகு ‘நம்ம மில்லில் 10 வீதம் போவது வழக்கம்தானே’ என்று எல்லையைத் தள்ளி வைத்தால், மூன்றாவது வழியும் இரண்டாவதாகவே மாறிவிடும். ஈரத்தையும் தனியாக அளக்க வேண்டும். 20 வீத ஈரத்தில் வாங்கிய 1,000 கிலோ நெல் 14 வீதத்துக்குக் காய்ந்தால் 930 கிலோதான் நிற்கும். அந்த 70 கிலோ வெறும் தண்ணீர். வாங்கும்போது ஈரமானி பிடிக்காத மில்லில் தண்ணீரும் களவும் கெட்ட நெல்லும் ஒரே இலக்கத்துக்குள் மறைந்துவிடும்.

மூன்றாவது வழியிலும் பிடிபடாத ஒரு நட்டம் உண்டு. தீட்டும் இயந்திரம் அதிகமாகத் தீட்டினால் அரிசி குறைந்து தவிடு கூடும். 100 கிலோ அரிசி தவிடாகப் போனால் தவிட்டு வரவு 5,000 ரூபாய் கூடித் தெரியும். போனதோ 160 ரூபாய்ப்படி 16,000 ரூபாய்ப் பொருள். தவிட்டுக் காசு கூடியதைப் பார்த்து மேலாளர் சந்தோஷப்படுவதை நான் கண்டிருக்கிறேன். ஆகவே ரூபாயோடு நிறையையும் எழுத வேண்டும். தவிடு 8 வீதத்தைத் தாண்டி ஏறி, அரிசி 66 வீதத்திலிருந்து இறங்கினால், இயந்திரத்தின் அழுத்தத்தை அன்றே பார்க்க வேண்டும். வழமைக்கு மேல் தவிடாகப் போன அரிசியும் அசாதாரண இழப்புத்தான். அதன் கிரயத்திலிருந்து அந்தத் தவிடு விற்ற காசைக் கழித்து, மீதியை அதே கணக்கில் எழுத வேண்டும்.

இவ்வளவுக்கும் கெட்ட நெல்லை நிறுத்துத்தான் வெளியே அனுப்ப வேண்டும். ஊறிய நெல் தண்ணீர் குடித்துக் கனத்திருக்கும். அந்த நிறையை அப்படியே எழுதினால் இழப்பு கூடிவிடும். தொட்டிக்குள் போட்டபோது எழுதிய மூட்டைக் கணக்கையே இழப்பின் நிறையாக எடுங்கள். தராசு நிறை, வாங்குபவருக்கான பில்லுக்கு மட்டும்.