திட்ட விலக்கமா, மாறுபாட்டுக் கெழுவா?

மேலூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் பத்தாம் வகுப்பில், நூற்றுக்குத் தமிழின் சராசரி 80, திட்ட விலக்கம் 12 என்றும், கணிதத்தின் சராசரி 40, திட்ட விலக்கம் 10 என்றும் வைத்துக்கொள்வோம். திட்ட விலக்கத்தை மட்டும் பார்த்தால் தமிழ் மதிப்பெண்களே அதிகம் சிதறியுள்ளன.

மாறுபாட்டுக் கெழு, திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்கிக் கிடைப்பது. தமிழுக்கு அது 15 சதவீதம், கணிதத்துக்கு 25 சதவீதம். சராசரி 40 உள்ள பாடத்தில் 10 மதிப்பெண் விலகல் என்பது அந்தச் சராசரியில் கால் பங்கு என்பதால், முடிவு தலைகீழாகிறது. ஆசிரியர்கள் பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

பெற்ற மதிப்பெண்ணுக்குப் பதிலாக இழந்த மதிப்பெண்ணைக் கணக்கிட்டால், சராசரிகள் 20, 60 என்று மாறும். திட்ட விலக்கங்களோ 12, 10 என அப்படியே இருக்கும். கெழு இப்போது தமிழுக்கு 60 சதவீதம், கணிதத்துக்கு ஏறத்தாழ 17 சதவீதம். மாணவர்கள் அதே மாணவர்கள், விடைத்தாளும் அதே விடைத்தாள். கணிதத்தில் எல்லோருக்கும் 10 கருணை மதிப்பெண் போட்டாலும், எவருக்கும் எவருக்கும் இடையிலுள்ள தூரம் மாறாமலேயே, கெழு 25இலிருந்து 20 சதவீதமாக இறங்கிவிடும்.

ஆகவே இரு தாள்களும் நூற்றுக்கே திருத்தப்பட்டு, மாணவர்கள் எத்தனை மதிப்பெண் தள்ளி நிற்கிறார்கள் என்பதே கேள்வியானால், திட்ட விலக்கத்தையே நான் எடுப்பேன். சராசரியை ஒட்டிய விகிதம் தேவைப்படும்போது, கெழுவுடன் சராசரியையும் சேர்த்தே எழுத வேண்டும்.