தளை தட்டியது பாட்டிலா, படத்திலா? மென்பொருளில் அலகிட்ட நீண்ட நாள் அனுபவம்

பழைய பதிப்பின் பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து, ஓசிஆர் வழியாக எழுத்தாக்கி, அவலோகிதம் போன்ற யாப்பு மென்பொருளில் ஒட்டினால் அசை, சீர், தளை, எதுகை, மோனை எல்லாம் நொடியில் வந்துவிடும். பல ஆண்டுகளாக இந்த வழியில் வெண்பாக்களை அலகிட்டதில் தெளிவானது ஒன்று: 'தளை தட்டுகிறது' என்று திரையில் வந்தால் பாட்டைச் சந்தேகிக்கும் முன் படத்தைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் தவறு அங்கேதான் இருக்கும்.

படமெடுப்பதில் கவனிக்க வேண்டியவை குறைவு. பக்கத்துக்கு நேர் மேலிருந்து எடுங்கள். ஒரு எழுத்தின் உயரம் ஏறக்குறைய 30 பிக்சலாவது இருக்கட்டும். வலப்பக்கத் தாளில் அடியின் தொடக்கம் நூலின் முதுகை ஒட்டி வளைந்திருக்கும். எதுகை பார்க்கும் இரண்டாம் எழுத்து அந்த வளைவுக்குள்தான் வரும் என்பதால் தாளை நன்றாகப் படிய வைத்துக்கொள்ளுங்கள். பிறகு டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருளுக்கான கட்டளை:

```
tesseract kural.png kural -l tam --psm 6
```

`--psm 6` என்பது முழுவதையும் ஒரே பத்தியாகக் கொள்ளச் சொல்வது. அடிகள் இடம் மாறாமல் வருவதற்கு இது உதவும். வெளிவரும் கோப்பில் குறள் எண்ணை நீக்கிவிட வேண்டும். இல்லையென்றால் அதுவும் ஒரு சீராகக் கணக்கில் சேரும். கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக வந்திருந்தால் `தொ` என்பது பார்வைக்குச் சரியாக இருந்தாலும் உள்ளே இரண்டு குறியாக இருக்கும். அதை ஒன்றாக்க, பைத்தானில் `import unicodedata` என்று தொடங்கிய பின் ஒரு வரி போதும்:

```
text = unicodedata.normalize("NFC", text)
```

இனி ஒரு குறளை எடுத்துக்கொள்வோம். 'கற்றதனால் ஆய பயனென்கொல் வாலறிவன் / நற்றாள் தொழாஅர் எனின்.' இதன் சரியான அலகு:

```
கற்/றத/னால்    நேர் நிரை நேர்   கூவிளங்காய்
ஆ/ய          நேர் நேர்        தேமா
பய/னென்/கொல்   நிரை நேர் நேர்   புளிமாங்காய்
வா/லறி/வன்     நேர் நிரை நேர்   கூவிளங்காய்
நற்/றாள்       நேர் நேர்        தேமா
தொழா/அர்      நிரை நேர்       புளிமா
எனின்         நிரை            மலர்
```

மா முன் நிரை, காய் முன் நேர் என வெண்டளை பிசகாமல் ஓடுகிறது. எதுகை கற்ற, நற்றா என்ற இடத்தில் 'ற்'. முதலெழுத்து இரண்டும் குறில் என்பதால் அளவும் பொருந்துகிறது. சீர்களின் முதலெழுத்துகளில் மோனை இல்லை. மென்பொருள் 'மோனை இல்லை' என்று காட்டுவதை ஒரு பிழை அறிவிப்பாகச் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். மோனை ஓசைக்கு அழகு சேர்ப்பது. அது அமையாததால் வெண்பா இலக்கணம் கெடுவதில்லை.

இதே குறளை மங்கிய அச்சிலிருந்து எடுத்தால் என்ன ஆகிறது? ஓசிஆர் அடிக்கடி தடுமாறும் இடம் துணைக்காலும் 'ர'வும். இரண்டின் வடிவமும் அவ்வளவு நெருக்கம். 'வாலறிவன்' என்பது 'வரலறிவன்' என்று வந்தால் வர/லறி/வன், நிரை நிரை நேர், கருவிளங்காய். முந்திய சீர் புளிமாங்காய் என்பதால் காய் முன் நிரை வந்து கலித்தளையாகிறது. மென்பொருள் உடனே அதைச் சிவப்பில் காட்டும். 'கற்றதனரல்' என்று வந்தாலும் அப்படித்தான்: நேர் நிரை நிரை, கூவிளங்கனி. வெண்பாவில் கனிச்சீர் வராது. புள்ளி விடுபட்டு 'நறறாள்' ஆனால் நிரையில் தொடங்கி, மறுபடியும் காய் முன் நிரை. இத்தகைய பிழைகளை யாப்பே பிடித்துக்கொடுத்துவிடுகிறது.

யாப்புக்குத் தெரியாத பிழையே ஆபத்தானது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சில் னா, றா, ணா மூன்றும் துணைக்கால் இல்லாமல், ஒட்டிய ஒற்றை வடிவமாக இருக்கும். அதை ஓசிஆர் 'ன', 'ற' என்று வாசித்தால் 'கற்றதனல்', 'நற்றள்' என்று வரும். இப்போது அலகிட்டுப் பாருங்கள். னால் நேரசை, னல்லும் நேரசை. றாள் நேர், றள்ளும் நேர். தளை ஒன்றும் தட்டாது. திரையில் எல்லாம் பச்சையாக இருக்க, பாட்டில் இரண்டு சொல் சிதைந்திருக்கும். அதனால் பழைய அச்சில் இந்த மூன்று எழுத்துகளையும் கண்ணால் தேடிச் சரிபார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. 'யாப்பு சரியாக வந்துவிட்டது, ஆகவே எழுத்தும் சரி' என்று நினைத்துவிடாதீர்கள்.

அளபெடையில் இன்னொரு வகைச் சிக்கல். 'தொழாஅர்' என்பதில் நடுவில் நிற்கும் உயிரெழுத்தைச் சொல்லின் நடுவில் ஓசிஆர் எதிர்பார்ப்பதில்லை. அதை விட்டுவிட்டு 'தொழார்' என்று எழுதினால் ஒரே நிரையசை மிஞ்சும். ஓரசைச்சீர் ஈற்றில் மட்டுமே வரலாம் என்பதால் அங்கே பிழை காட்டும். 'தொழா அர்' என்று இடைவெளி விட்டால் ஈற்றடி நாற்சீராகிவிடும். அடியில் சீர் எண்ணிக்கை கூடினாலோ, இடையில் ஓரசைச்சீர் தென்பட்டாலோ அளபெடையைத் தேடுங்கள்.

படம், ஓசிஆர் இரண்டும் சரியாக இருந்தும் தளை தட்டுவதுண்டு. 'குழலினி தியாழினி தென்பதம் மக்கள்' என்ற அடியைச் சேர்த்தெழுதிய பதிப்பிலிருந்து கொடுத்துப் பார்க்கலாம். எழுத்தை அப்படியே எண்ணினால் 'தியாழினி' தியா/ழினி, நிரை நிரை. முன்னால் உள்ள 'குழலினி' கருவிளம். விளம் முன் நிரை, தளை தவறு. ஆனால் அந்த 'தி'யில் உள்ளது குற்றியலிகரம். அதை அலகில் சேர்க்காமல் விட்டால் யா/ழினி, நேர் நிரை, கூவிளம். விளம் முன் நேர் என்று வெண்டளை பொருந்திவிடுகிறது. 'குழலினிது யாழினிது என்பதம்' என்று பிரித்த பதிப்பைக் கொடுத்தால் கருவிளங்காய், கூவிளங்காய் என்று சீர்ப்பெயர் மாறுமே தவிர, காய் முன் நேராகத் தளை அதிலும் சரிதான். ஒரே பாட்டுக்கு இரண்டு பதிப்பிலிருந்து இரண்டு அலகு வந்தால் பதற வேண்டாம். எந்தப் பதிப்பு என்பதைக் குறித்து வைத்தால் போதும். வல்லின இகரத்தை அடுத்து ய, யா வரும் சீர்களைத் தனியாகத் தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம். இது தெரியாமல் திருவள்ளுவர் தளை தவறினார் என்று எழுதிவிடுபவர்கள் இருக்கிறார்கள், பார்க்க வருத்தமாக இருக்கும்.

சொல் பிரித்து அச்சிட்ட பதிப்பில் எதிர்த்திசைச் சிக்கல் ஒன்று உண்டு. 'நிலமிசை நீடுவாழ் வார்' என்ற ஈற்றடி 'நீடுவாழ்வார்' என்று சேர்ந்து வந்தால் இரண்டு சீர்தான் எஞ்சும். மென்பொருள் இடைவெளியைத்தான் சீரின் எல்லையாகக் கொள்கிறது. ஒட்டும் முன் முதலடியில் நான்கு சீர், ஈற்றடியில் மூன்று சீர் வரும்படி இடைவெளிகளை நாமே சரிசெய்ய வேண்டும்.

இவை எல்லாம் பார்த்த பிறகும் ஓரிடம் தட்டினால், பாடத்தைத் திருத்தாதீர்கள். கோப்பில் இரண்டு பத்திகள் வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றில் அச்சில் உள்ளபடி, மற்றொன்றில் யாப்புக் கேட்கும் வடிவம். அச்சில் 'தொழார்' என்றே இருந்தால் முதல் பத்தியில் அப்படியே இருக்கட்டும். 'தொழாஅர்' என்பது இரண்டாவதில். அடுத்த வேலை இன்னொரு பதிப்பின் அதே பக்கத்தைப் படமெடுப்பது.