பென் டிரைவிலிருந்து நேரடி பிரிண்ட்: சில வருடப் புழக்கத்தில் தெரிந்தது

வீட்டில் இருப்பது கறுப்பு வெள்ளை லேசர் ஆல்-இன்-ஒன். அதன் முன்பக்கத்தில் ஒரு யூஎஸ்பி துளை உண்டு. அதில் பென் டிரைவைச் செருகினால் திரையில் கோப்புப் பட்டியல் வரும். அம்புக்குறியால் கோப்பைத் தேர்ந்தெடுத்து, எத்தனை பிரதி என்று சொல்லி, ஸ்டார்ட் பட்டனைத் தட்டினால் போதும். கணினியைத் தொடவே வேண்டாம். வாங்கும்போது பெரிதாக நினைக்காத வசதி, இன்று அதிகம் பயன்படுவது இதுதான். அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் பென் டிரைவை என் லேப்டாப்பில் செருகி வைரஸுக்குப் பயப்பட வேண்டியதில்லை என்பது முக்கியக் காரணம்.

இதில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கணினியிலிருந்து பிரிண்ட் கொடுத்தால், கோப்பைத் திறந்து பக்கமாக வரைந்து அனுப்பும் வேலையை மென்பொருளும் டிரைவரும் பார்த்துக்கொள்ளும். பென் டிரைவைச் செருகும்போது அந்த வேலை முழுக்க பிரிண்டரின் தலையில் விழுகிறது. அதற்குப் படிக்கத் தெரிந்தவை சில வகைகள்தான். என்னுடையது பிடிஎஃப், ஜேபெக், டிஃப் மூன்றையும் படிக்கும். வேர்ட், எக்செல் கோப்புகள் பட்டியலில்கூடத் தெரியாது. ஐபோன் எடுக்கும் .heic படங்களும் அப்படித்தான். கோப்பு டிரைவில் இருக்கிறது, திரையில் இல்லை என்றால் முதலில் அதன் கடைசி எழுத்துகளைப் பாருங்கள்.

சரி, பிடிஎஃப் என்றால் கவலையில்லையா? அங்கேதான் தமிழுக்கென்று ஒரு தனிச் சிக்கல். மாடி வீட்டு ஆசிரியை ஒருவர் டிடிபி சென்டரில் அடித்த வினாத்தாளை பிடிஎஃபாகக் கொண்டுவந்தார். பிரிண்டரில் கொடுத்ததும் தாள் முழுக்க jkpo; என்பதுபோல ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தது. "என்ன சார், சென்டர்ல நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார். அதே கோப்பு என் லேப்டாப்பிலும் நல்ல தமிழாகவே திறந்தது.

காரணம், அது பாமினி எழுத்துருவில் அடித்தது. பாமினியில் 'தமிழ்' என்பது உள்ளுக்குள் j, k, p, o, ; என்ற குறிகளாகத்தான் பதிவாகிறது. எழுத்துரு கூட இருந்தால்தான் அவை தமிழாகத் தெரியும். சென்டர் கணினியிலும் என் லேப்டாப்பிலும் பாமினி நிறுவப்பட்டிருந்தது. பிரிண்டரிடம் அது இல்லை. கோப்புக்குள்ளும் எழுத்துருவைப் பதித்து அனுப்பவில்லை. ஆகவே தன்னிடம் இருந்த ஆங்கில எழுத்துருவை எடுத்து அடித்துவிட்டது.

இதை அடிக்கும் முன்பே கண்டுபிடிக்கலாம். அடோபி ரீடரில் கோப்பைத் திறந்து File > Properties போய், Fonts என்ற பகுதியைப் பாருங்கள். எழுத்துருப் பெயருக்குப் பக்கத்தில் Embedded அல்லது Embedded Subset என்று இருந்தால் பயமில்லை. அந்தச் சொல் இல்லையென்றால் பிரிண்டரில் சொதப்ப வாய்ப்பு அதிகம். அந்த எழுத்துரு இருக்கிற கணினியில் கோப்பைத் திறந்து, பிரிண்டர் பட்டியலில் Microsoft Print to PDF என்பதைத் தேர்ந்து புதிய பிடிஎஃபாகச் சேமித்தேன். அதில் எழுத்துரு பதிந்துவிட்டது. அதையே டிரைவில் போட்டுச் செருகியதும் வினாத்தாள் ஒழுங்காக வந்தது.

பாஸ்வேர்ட் போட்ட பிடிஎஃபுக்கும் இதே மருந்துதான். இணையத்தில் இறக்கும் ஆதார் கோப்பு பூட்டித்தான் வரும். சில பிரிண்டர்கள் பேனலிலேயே பாஸ்வேர்ட் கேட்கும், என்னுடையது பிழைச்செய்தி காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும். கணினியில் பாஸ்வேர்ட் கொடுத்துத் திறந்து, மேலே சொன்னபடி புதிதாகச் சேமித்துக்கொள்ள வேண்டும். பிரிண்ட் முடிந்ததும் பூட்டில்லாத அந்தப் பிரதியை டிரைவிலிருந்து அழித்துவிடுங்கள்.

அப்புறம் பென் டிரைவ் பற்றி. செருகியும் பிரிண்டர் கண்டுகொள்ளவே இல்லையென்றால், டிரைவ் NTFS முறையில் ஃபார்மட் ஆகியிருக்கக்கூடும். விண்டோஸில் டிரைவ் மேல் வலது கிளிக் செய்து Properties பார்த்தால் File system என்ற இடத்தில் தெரியும். FAT32 என்றால் பெரும்பாலான பிரிண்டர்கள் படிக்கும். 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுகளை விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் சாளரம் FAT32 ஆக மாற்ற விடுவதில்லை. அதனால் பழைய 16 ஜிபி டிரைவ் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிட்டேன். கோப்புப் பெயரையும் ஆங்கிலத்தில் சுருக்கமாக வைப்பது நல்லது. தமிழ்ப் பெயர்கள் என் பேனலில் புரியாத குறிகளாகத்தான் தெரிகின்றன.

எனக்குப் பிடிக்காதது, பக்க எண்ணைத் தேர்வு செய்ய வழியில்லாதது. நாற்பது பக்க பிடிஎஃபில் மூன்றாம் பக்கம் மட்டும் வேண்டும் என்றால் கணினிக்குத்தான் போக வேண்டும்.

புதிதாக வாங்குபவர்கள், முன்னால் யூஎஸ்பி துளை இருக்கிறது என்பதை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். சில இங்க்ஜெட் மாடல்கள் அதன் வழியாகப் படங்களை மட்டுமே அடிக்கும், பிடிஎஃபைத் தொடாது. மாடலின் கையேட்டில் நேரடி பிரிண்ட் பகுதியில் எந்தெந்தக் கோப்பு வகைகள் என்று எழுதியிருப்பார்கள், அதில் பிடிஎஃப் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.