பேனருக்காகப் படத்தை நீட்டும் "பிராம்ப்ட் தொகுப்பு": 1,800 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன்

காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டை விருந்தினர் தங்கும் இடமாக மாற்றியிருக்கிறார்கள். அதன் வாசலில் வைக்க 12-க்கு 4 அடி ஃப்ளெக்ஸ் பேனர் வேண்டும் என்று அந்த வீட்டு ஆச்சி என்னிடம் சொல்லியிருந்தார். அவர் கொடுத்த படம் ஒன்றுதான். முற்றத்தைச் சுற்றி வரும் பத்தியில் நின்று, சாயங்கால வெயிலில் எடுத்தது. இடது பக்கம் முற்றத்தை ஒட்டி வரிசையாகத் தூண்கள், வலது பக்கம் சுண்ணாம்புச் சுவர், கீழே ஆத்தங்குடிக் கல். அருமையான படம், ஆனால் 3000-க்கு 2000 பிக்சல். பேனரோ மூன்றுக்கு ஒன்று. இரண்டு பக்கமும் இல்லாத இடத்தை ஒரு ஏஐ மாடலைக் கொண்டு, அவுட்பெயின்டிங் முறையில் வரைந்து சேர்த்தால்தான் உண்டு. அதற்கு என்ன வரைய வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் வரிதான் பிராம்ப்ட்.

அந்த நேரத்தில்தான் சமூக வலைத்தளத்தில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. "எந்தப் படத்தையும் பேனராக நீட்டும் 120 பிராம்ப்ட்கள், ஒளியும் பெர்ஸ்பெக்டிவும் நூறு சதவீதம் பொருந்தும்." முன்னும் பின்னுமாகப் படங்கள் போட்டிருந்தார்கள். பிரமாதமாக இருந்தது. ஜிபே-யில் 1,800 ரூபாய் அனுப்பினேன், ஒரு பிடிஎஃப் வந்தது. 120-ம் கிட்டத்தட்ட ஒரே வரிதான், இடத்தின் பெயர் மட்டும் மாறும்.

```
seamless outpainting, match original lighting and perspective, cinematic golden hour, 8k
```

வேலை அவசரம், அதையே போட்டேன். வந்த படத்தைச் சின்னத் திரையில் பார்த்தபோது குறை தெரியவில்லை. ஃப்ளெக்ஸும் அடித்துக் கொண்டுபோய் விரித்தேன். ஆச்சி ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, சாயங்காலம் வெயில் முற்றத்துப் பக்கமிருந்துதானே வரும். இதுல ரெண்டு பக்கமும் வருதே? இந்தக் கடைசித் தூணும் எங்க வீட்டுத் தூண் மாதிரி இல்லையே."

அவர் சொன்ன இரண்டும் சரி. வலது சுவரில் இல்லாத ஒரு ஜன்னல் முளைத்து, அதன் வழியே பொன்வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் காரணம் அந்த பிராம்ப்டேதான். இந்த மாடல்கள் படங்களையும் அவற்றின் விவரணைகளையும் சேர்த்துப் படித்துப் பழகியவை. "பழைய ஒளியோடு பொருந்து" என்று எந்தப் படத்துக்கும் விவரணை இருக்காது, அதனால் அந்தச் சொற்களுக்கு மாடலிடம் பெரிய வேலை இல்லை. ஆனால் golden hour என்பது ஆயிரக்கணக்கான படங்களுக்கு விவரணையாக இருந்திருக்கும். அதைக் கேட்டதும் அது தனக்குத் தெரிந்த ஒரு சூரியனைக் கொண்டுவந்து வைக்கிறது. ஒளியைப் பொருத்துவது சொல் அல்ல, பக்கத்தில் தெரிகிற அசல் பிக்சல்கள். நீட்டும் பகுதியோடு அசல் படத்தில் எவ்வளவு மாடலின் பார்வைக்குள் வருகிறதோ, அவ்வளவு பொருந்தும்.

தூண் விஷயம் இன்னும் முக்கியம். என் படத்தில் பத்தியின் நீளவாக்கில் ஓடும் தளக் கல்லின் இணைப்புக் கோடுகளை நீட்டினால் எல்லாம் ஒரு புள்ளியில் சேர்கின்றன. அந்த மறைபுள்ளி இடது ஓரத்திலிருந்து 1200 பிக்சலில் இருந்தது. அங்கிருந்து இடப்பக்கம் தூண்கள் 600, 750, 1000 பிக்சல் தூரத்தில் நின்றன. சம இடைவெளியில் நட்ட தூண்கள் நம்மை நெருங்க நெருங்க படத்தில் விலகிக்கொண்டே போகும். நமக்கும் தூண்களுக்கும் உள்ள தூரம் 10, 8, 6 என்று சமமாகக் குறைகிறது என்று வைத்து, 6000-ஐ அவற்றால் வகுத்தால் இதே எண்கள் வருகின்றன, பாருங்கள். அடுத்தது 4, ஆக அடுத்த தூண் 1500-இல் நிற்க வேண்டும். அதாவது படத்தின் ஓரத்துக்கு வெளியே 300 பிக்சலில். உயரமும் அதே விகிதம்தான். கடைசியாகத் தெரியும் தூண் 1100 பிக்சல் என்றால், வரப்போவது 1650.

எனக்கு வந்த படத்தில் புதுத் தூண் ஓரத்தைத் தாண்டி 50 பிக்சலிலேயே, பக்கத்துத் தூணின் அதே உயரத்தில் நின்றது. முன்பு பார்த்த இடைவெளியையே மாடல் திரும்பப் போட்டுவிட்டது. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், பத்தி அந்த இடத்தில் வளைந்தது போலத் தெரியும்.

பிறகு நானே உட்கார்ந்து முதலிலிருந்து செய்தேன். முதலில் மேலே உத்திரத்திலும் கீழே தரையிலும் 250 பிக்சல் வீதம் வெட்டி, படத்தை 3000-க்கு 1500 ஆக்கினேன். உயரம் 2000 ஆகவே இருந்தால் பேனருக்கு 3000 பிக்சல் புதிதாக வரைய வேண்டும். இப்போது 1500 போதும். இடதில் 700, வலதில் 800 என்று பிரித்துக்கொண்டேன்.

இடது பக்கம் வெற்றுக் கான்வாஸில் தளக்கோடுகளை மறைபுள்ளியிலிருந்து நீட்டி வரைந்தேன். 300-ஆவது பிக்சலில் தூணுக்கு ஒரு பழுப்புப் பட்டை, அதன் நிழல் விழ வேண்டிய இடத்தில் ஒரு கருப்புப் பட்டை, அவ்வளவுதான். தூண் 1650, படம் 1500, ஆகவே தூணின் தலையும் அடியும் சட்டத்துக்கு வெளியே போக வேண்டும். அப்படியே வரைந்தேன். நிழலின் சாய்வை மற்ற நிழல்களை நீட்டிப் பார்த்து எடுத்தேன். தரையில் விழும் வெயில் நிழல்களும் தொடுவானக் கோட்டில் ஒரே புள்ளியை நோக்கித்தான் போகும்.

ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற ஏஐ கருவியில் அந்தப் பகுதியை மட்டும் மாற்றும்படி மாஸ்க் செய்து, மாஸ்க் அசல் படத்துக்குள் 80 பிக்சல் ஏறும்படி வைத்து, இருப்பதை எவ்வளவு மாற்றலாம் என்று சொல்லும் Denoising strength-க்கு 0.65 கொடுத்தேன். 1 கொடுத்தால் நான் வரைந்த பட்டைகளை அது மதிக்காது. மிகக் குறைத்தால் பட்டை பட்டையாகவே நிற்கும். பிராம்ப்டில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் எழுதினேன்.

```
dark teak pillar cropped by frame, patterned tile floor, long shadow to the right
```

வலது பக்கத்துக்கு இன்னும் எளிது. அங்கே வீட்டின் பெயர் வர வேண்டும், வெறும் சுவர்தான் தேவை.

```
plain lime plaster wall in soft shade, tile floor
```

இரண்டு பக்கமும் ஒரே மூச்சில் செய்யாமல் 400 பிக்சலுக்குள் துண்டு துண்டாக நீட்டினேன். ஸ்டேபிள் டிஃப்யூஷனின் எஸ்டிஎக்ஸ்எல் போன்ற மாடல்கள் 1024-க்கு 1024 அளவில் பழகியவை. அகலமான வெற்றிடத்தை ஒரேயடியாகக் கொடுத்தால், ஓரத்துக்குப் போகும்போது அசல் படம் அதன் பார்வையிலேயே இருக்காது. கடைசியில் புதுப் பகுதி வழுவழுவென்று இருந்தது, அசலில் கேமராவின் மணல் போன்ற புள்ளிகள் இருந்தன. அதற்கு ஈடாகக் கொஞ்சம் கிரெயின் சேர்த்தேன்.

பிராம்ப்ட் தொகுப்பை விற்ற ஆளின் மாதிரிப் படங்களை அப்புறம் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு பேருந்து நிலையப் படம். "நீட்டிய" பகுதியில் நிற்கும் பச்சைப் பேருந்தின் ஊர்ப்பலகையில் தமிழ் எழுத்துகள் ஒரு பிசகும் இல்லாமல் வாசிக்கும்படி இருக்கின்றன. நான் பார்த்தவரை இந்தக் கருவிகள் ஓரத்தில் கற்பனை செய்யும் தமிழ், கிறுக்கலாகத்தான் வரும். அதோடு "முன்" படத்தில் ஒரு மனிதர் பாதியாக வெட்டப்பட்டு ஓரத்தில் நிற்கிறார், "பின்" படத்தில் அவருடைய மறுபாதி சரியாக இருக்கிறது. அகலமான அசல் படத்தை வெட்டி "முன்" என்று காட்டியிருக்கிறார்கள். நீட்டவே இல்லை.

விற்றவரிடம் கேட்டேன். "பிராம்ப்ட் சரியாத்தான் இருக்கு சார், உங்க டூல்ல பிரச்சினை" என்றார். என் படத்தை நீங்களே உங்கள் கருவியில் நீட்டிக் காட்டுங்கள் என்றேன். அத்தோடு பதில் நின்றுவிட்டது. பணம் அனுப்புவதற்கு முன் இதைக் கேட்டிருக்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் பணம் வரவில்லை. விளம்பரம் இப்போதும் ஓடுகிறது. அந்தப் பச்சைப் பேருந்துப் படம்தான் அடையாளம்.