வாட்ச் பக்கத்தில் இருந்தால் போன் பூட்டாது என்றார்கள், எனக்கு 40,000 ரூபாய் போய்விட்டது

காரைக்குடிப் பக்கம் வீட்டிலிருந்தே பலகாரம் செய்து கொடுக்கிறேன். முந்தாநாள் புதன்கிழமை என் கணக்கிலிருந்து 40,000 ரூபாய் போனது. போன் தொலையவில்லை, யாருக்கும் ஓடிபி சொல்லவில்லை, எந்த லிங்க்கையும் தொடவில்லை. போன் என் வீட்டுக்குள்ளேயே இருந்தது. கை நடுங்கிக்கொண்டேதான் இதை எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பம் நான்கு மாதத்துக்கு முன்னால். டவுனில் ஒரு போன் கடையில் புது ஆண்ட்ராய்டு போனும், கூடவே கையில் கட்டும் வாட்ச் ஒன்றும் வாங்கினேன். எனக்கு நாள் முழுக்க மாவிலும் எண்ணெயிலும்தான் கை. மணகோலம் பிழிந்துகொண்டிருக்கும்போது ஆர்டர் வந்தால் விரல்ரேகை எடுக்காது, பின் நம்பர் அடித்தால் திரையெல்லாம் பிசுபிசுத்துப் போகும். அதைக் கடைப் பையனிடம் சொன்னேன். "ஆச்சி, இதுக்குத்தான் ஒண்ணு இருக்கு. வாட்ச் பக்கத்துல இருக்கிற வரைக்கும், வீட்டுல இருக்கிற வரைக்கும் போன் பூட்டவே பூட்டாது. நீங்க மட்டும்தானே வீட்டுல, பயமே இல்லை" என்றான். எவ்வளவு பொறுமையாகச் சொன்னான் தெரியுமா! Extend Unlock என்ற அந்த அமைப்புக்குள் போவதற்கே பின் நம்பர் கேட்டது. நானே அடித்துக் கொடுத்தேன். வாட்ச்சை நம்பகமான சாதனம் என்றும், வீட்டு முகவரியை நம்பகமான இடம் என்றும் சேர்த்துவிட்டான். நன்றி சொல்லி, அடுத்த வாரம் அரைக் கிலோ அதிரசமும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

எதுவரை வீடு, எவ்வளவு தூரம் பக்கம் என்று அவன் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

நாங்கள் இருப்பது ஐயா கட்டிய பழைய வீடு. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவில் பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, அதற்கும் பின்னால் அடுப்படி. இந்த வாரம் ஒரு பெரிய கல்யாணச் சீர்ப் பலகார ஆர்டர். பெண் வீட்டார் போட்ட முன்பணம்தான் அந்த 40,000, நெய்க்கும் வெல்லத்துக்கும் வைத்திருந்தது. வேலைக்கு வெளியாட்கள் பன்னிரண்டு பேர். சாமான் இறக்க வந்தவர்கள், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர்கள், டப்பா கொடுக்க வந்தவர்கள் என்று முன்னும் பின்னும் ஆள் நடமாட்டம். புதன்கிழமை காலை ஆறு மணிக்குப் பின் நம்பர் அடித்துப் போனைத் திறந்தேன். அதோடு சரி, அன்று முழுக்க அது என்னிடம் மறுபடி கேட்கவே இல்லை.

மதியம் இரண்டு மணிக்குப் பட்டாலையில் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன். கையில் வாட்ச் இருந்தது. மூன்று மணிக்கு வந்து எடுத்தேன். வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது.

மறுநாள் காலை நெய்க்காரருக்குப் பணம் அனுப்பப் போனால் இருப்பு போதவில்லை என்கிறது. குறுஞ்செய்தி எதுவும் இல்லை. வங்கிச் செயலியில் பார்த்தால் நான்கு தடவை பத்தாயிரம், மொத்தம் 40,000 ரூபாய். நான் சாமான் வாங்கும் ஆன்லைன் கடைச் செயலியைத் திறந்தேன். 2.26-க்கு ஒன்று, 2.41-க்குள் நான்கும் முடிந்துவிட்டன. எல்லாம் பரிசு வவுச்சர், யாரென்றே தெரியாத ஒரு மின்னஞ்சல் முகவரிக்குப் போயிருக்கிறது.

எப்படி நடந்தது என்று என் அண்ணன் மகன் உட்கார்ந்து பிரித்துச் சொன்னான். அந்தச் செயலியில் என் டெபிட் கார்டைச் சேமித்து வைத்திருந்தேன். சேமித்த கார்டுக்கு இப்போது பல கடைகளில் பின்பக்க மூன்று இலக்க எண்ணைக்கூடக் கேட்பதில்லை, ஓடிபி ஒன்றுதான் காவல். அந்த ஓடிபியும் அதே போனுக்குத்தான் வருகிறது. திறந்து கிடக்கிற போனைக் கையில் வைத்திருப்பவருக்கு ஓடிபி திரையிலேயே வந்து விழும். அடித்துவிட்டு, வங்கியிலிருந்து வந்த செய்திகளையும் அழித்துவிட்டு, மறுபடி சார்ஜில் சொருகிவிட்டுப் போயாயிற்று. யுபிஐ கணக்கில் கை வைக்கவில்லை, ஏனென்றால் பெரிய தொகைக்கு அது தனியாக யுபிஐ பின் கேட்கும், போன் திறந்திருந்தாலும் கேட்கும். செய்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. வேலைக்கு வந்தவர்களில் யாரையும் நான் சொல்லவும் மாட்டேன்.

அப்புறம் அவன் ஒரு சோதனை செய்தான். நான் வாட்ச் கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றேன். அவன் போனைத் திறந்துவிட்டு, பட்டாலையில் வைத்துத் திரையை அணைத்து, மறுபடி பொத்தானை அமுக்கி மேலே தள்ளினான். பின் நம்பர் கேட்காமல் திறந்தது. எங்கள் வீட்டில் நிலைக்கு நேர் நிலை, முகப்பில் நின்றால் பின்வாசல் வெளிச்சம் தெரியும். சுவர் எவ்வளவு கனமாக இருந்தால் என்ன, புளூடூத் வாசல் வழியாகவே வந்துவிடுகிறது. திறந்த வெளியில் சில சாதனங்களுக்கு அது 100 மீட்டர் வரைகூட எட்டுமாம். வாட்ச்சைக் கழற்றி அலமாரியில் வைத்தோம். என் வாட்ச்சுக்குக் கையில் இருக்கிறதா அலமாரியில் இருக்கிறதா என்று தெரியவில்லை, இணைப்பு இருந்தால் போதும், போன் திறக்கிறது.

சரி என்று வாட்ச்சையே அணைத்தோம். அப்போதும் திறந்தது! இப்போது வீடு என்ற இடம் அதைத் திறந்து வைத்திருக்கிறது. போனை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி, பக்கத்து வீட்டைத் தாண்டி அதற்கடுத்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். அங்கேயும் திறந்தது. நம்பகமான இடம் என்பது சுவரைப் பார்த்து நிற்காது, வரைபடத்தில் ஒரு புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டுக்கொள்ளும், அது 80 மீட்டர் வரை போகலாம் என்று கூகுளின் உதவிப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. எங்கள் வரிசையில் எத்தனை வீடு அந்த வட்டத்துக்குள் வரும் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

ஒரு காப்பும் இல்லையா என்றால், இருக்கிறது. ஆண்ட்ராய்டு 10-லிருந்து, ஒருமுறை பூட்டிக்கொண்ட போனை இது திறந்துவிடாது, திறந்ததை பூட்டாமல் வைத்திருக்க மட்டும் செய்யும். 4 மணி நேரம் யாரும் தொடாமல் கிடந்தால் பூட்டிக்கொள்ளும், போனையே முழுசாக அணைத்து மறுபடி போட்டாலும் பின் நம்பர் கேட்கும். ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒரு ஆர்டர் பார்க்கிறவளுக்கு அந்த 4 மணி நேரம் எப்போது வரும்?

இனிமேல்தான் அலைச்சல். அந்த ஆன்லைன் கடைக்கு வியாழன் காலையே பேசினேன். "சரியான ஓடிபி கொடுத்துத்தான் வாங்கப்பட்டிருக்கிறது மேடம், வவுச்சரைப் பயன்படுத்தியாயிற்று, ரத்து செய்ய முடியாது." 24 மணி நேரத்துக்குள்தானே சொல்கிறேன் என்றேன். அதே வாக்கியத்தை மறுபடி படித்தார்கள். மூன்றாவது தடவை பேசும்போது புகாரை முடித்துவிட்டதாகச் செய்தி வந்தது. வங்கிக் கிளையில், "உங்கள் போனுக்கே ஓடிபி வந்திருக்கிறது, வீட்டில் யாரையாவது கேட்டுப் பாருங்கள்" என்றார்கள். வீட்டில் கேட்டுப் பார்க்கவாம்! கவனக்குறைவு என்று எழுதிவிடுவார்கள் போலிருக்கிறது. அப்படி எழுதினால் புகார் கொடுக்கும் முன் போன பணம் முழுக்க என் தலையில். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டியது வங்கிதான் என்று ரிசர்வ் வங்கி 2017 சுற்றறிக்கையிலேயே சொல்லியிருக்கிறது. அதைச் சொல்லி, எழுத்தில் கொடுத்து, முத்திரை போட்ட நகல் வாங்கி வந்திருக்கிறேன். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் பேசிப் புகார் எண் வாங்கியாயிற்று.

போன் கடைக்கு நேற்று சாயங்காலம் போனேன். அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டானாம். முதலாளி, "போனில் கம்பெனியே கொடுத்திருக்கிற வசதி ஆச்சி, நாங்க என்ன பண்ண முடியும்? நீங்கதானே பின் நம்பர் அடிச்சுக் கொடுத்தீங்க" என்கிறார். 80 மீட்டர் என்று ஒரு வார்த்தை அன்றைக்குச் சொல்லியிருந்தால் நான் அடித்திருப்பேனா? 40,000 ரூபாய். எத்தனை ஈடு முறுக்கு சுட்டால் அது திரும்ப வரும்!

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், அடுப்பில் பாகு இருக்கிறது, அவசியமானதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் இப்போதே சோதித்துப் பாருங்கள். வீட்டில் இருக்கும்போது திரையை அணைத்து, ஒரு நிமிடம் கழித்து பொத்தானை அமுக்கி மேலே தள்ளுங்கள். விரலும் வைக்காமல், முகமும் காட்டாமல், பின் நம்பரும் கேட்காமல் திறந்தால் உங்கள் போனிலும் இது இருக்கிறது. அமைப்புகளின் தேடல் பெட்டியில் Extend Unlock என்று அடியுங்கள், பழைய போனாக இருந்தால் Smart Lock. உள்ளே Trusted places, Trusted devices இரண்டையும் பாருங்கள், ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை விட்டால் பயனில்லை.

ஆட்கள் வந்து போகிற நாளில் பவர் பொத்தான் மெனுவில் Lockdown இருந்தால் அதை அமுக்குங்கள், அடுத்த தடவை பின் நம்பர் கேட்டே தீரும். சேமித்த கார்டுகளை எடுத்துவிடுங்கள். வங்கிச் செயலியில் கார்டின் ஆன்லைன் வரம்பைக் குறைத்து வைக்கலாம், நான் நேற்றுத்தான் 2,000 ஆக்கினேன்.

பணம் போனால் உடனே 1930, அதோடு 3 வேலை நாளுக்குள் வங்கியில் எழுத்தில். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வங்கி மேலாளர் வரச் சொல்லியிருக்கிறார். நெய்க்காரருக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லை.