விழா வரவு செலவு ஒரே விரிதாளில்: நான்கு ஆண்டு அனுபவம்

எங்கள் பகுதி விழாக் குழுவின் கணக்கை நான்கு ஆண்டுகளாக நான் எழுதி வருகிறேன். நோட்டுப் புத்தகத்தை விட்டுவிட்டு, குழுவினர் அனைவரும் இணையத்தில் திறந்து பார்க்கக்கூடிய ஒரு விரிதாளுக்கு மாறியது முதல் ஆண்டிலேயே. இது எதில் கைகொடுத்தது, எந்தப் பிழையை எங்களுக்குச் சொல்லாமலே விட்டது என்பதை, இதே பொறுப்பை ஏற்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

அமைப்பு எளியது. ‘பதிவு’ என்ற ஒரே தாளில் ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் ஒரு வரி. தேதி, ரசீது அல்லது பில் எண், விவரம், வரவா செலவா என்ற வகை, தலைப்பு, தொகை, கைரொக்கமா வங்கியா என்ற இடம் ஆகிய ஏழு பத்திகள் உண்டு. பந்தல், விளக்கு, ஒலிபெருக்கி, அச்சு, போக்குவரத்து என்று தலைப்புகளை ஒன்பதுக்குள் நிறுத்திக்கொண்டோம். ‘தொகுப்பு’ என்ற இரண்டாவது தாளில் A பத்தியில் தலைப்பின் பெயரும் B பத்தியில் அதன் கூட்டுத்தொகையும் இருக்கும். நான்காம் வரியிலிருந்து தொடங்கும் அந்தப் பட்டியலுக்கான சூத்திரம் இதுதான்:

```
=SUMIFS('பதிவு'!F:F,'பதிவு'!E:E,A4,'பதிவு'!D:D,"செலவு")
```

முதல் ஆண்டு முழுவதும் இந்தச் சூத்திரம் சரியாக இருந்தால் கணக்கும் சரியாக இருக்கும் என்று நம்பினேன். இரண்டாம் ஆண்டில்தான் அந்த நம்பிக்கை உடைந்தது. அறிக்கையை ஒட்டுவதற்கு முந்தின நாள், தலைப்புவாரியான செலவுகளைக் கூட்டினால் 1,67,350 வந்தது. பதிவுத் தாளில் செலவு வரிகளை நேரடியாகக் கூட்டினால் 1,71,850 வந்தது. 4,500 எங்கே போயிற்று என்று இரவு வெகுநேரம் பில்களைப் புரட்டினேன். கடைசியில் பார்த்தால், இரண்டு வரிகளில் தலைப்பு ‘ஒலிப்பெருக்கி’ என்று ஒற்று மிகுந்து எழுதப்பட்டிருந்தது. எங்கள் பட்டியலில் இருந்தது ‘ஒலிபெருக்கி’. படிப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான், விரிதாளுக்கோ இரு வேறு சொற்கள். இதைவிடக் கண்டுபிடிக்கக் கடினமானது சொல்லின் இறுதியில் ஒட்டிக்கொள்ளும் இடைவெளி. கைபேசியில் பரிந்துரைக்கப்பட்ட சொல்லைத் தொட்டால் விசைப்பலகை தானாகவே ஓர் இடைவெளியைச் சேர்த்துவிடுவதுண்டு. அந்த வரியும் தலைப்பில் சேராமல் போகும், கண்ணுக்கும் தெரியாது. அன்றிலிருந்து தலைப்பைத் தட்டச்சு செய்ய யாரையும் நாங்கள் விடுவதில்லை. கீழ்விரி பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க மட்டுமே முடியும், பட்டியலில் இல்லாத சொல்லைத் தாள் ஏற்காது. கூடவே, தொகுப்புத் தாளின் தலையில் ஒரு சரிபார்ப்புக் கட்டம் வைத்தோம். அது பூச்சியமாக இல்லாவிட்டால் அறிக்கை அச்சுக்குப் போகாது:

```
=SUMIFS('பதிவு'!F:F,'பதிவு'!D:D,"செலவு")-SUM(B4:B12)
```

இந்தக் கட்டம் எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று எண்ணினால் அதுவும் தவறு. அதே ஆண்டில் இது பூச்சியம் காட்டிய பிறகும், கையிருப்பு ஒத்துவரவில்லை. தொடக்க இருப்பு 6,200, வரவு 1,82,800, செலவு 1,71,850. ஆகவே 17,150 மீந்திருக்க வேண்டும். பெட்டியில் எண்ணிய ரொக்கம் 3,150, வங்கி இருப்பு 15,500, ஆக 18,650. பணம் 1,500 கூடுதலாக இருந்தது. குறைந்தால்தான் பதற்றப்பட வேண்டும் என்று சிலர் சொன்னார்கள், நான் ஒப்புக்கொள்ளவில்லை. கூடுதல் என்றால் யாரோ ஒருவர் கொடுத்த நன்கொடை கணக்கில் ஏறவில்லை என்றுதானே பொருள்? தேடியபோது, ஒரு நன்கொடை வரியில் தொகை ‘1,500/-’ என்று ரசீதில் எழுதும் பழக்கத்திலேயே தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அந்தக் கோடுகள் சேர்ந்ததும் அது எண் என்ற நிலையை இழந்து எழுத்தாகிவிட்டது. SUM, SUMIFS இரண்டுமே எழுத்தைக் கூட்டாமல், எந்த எச்சரிக்கையும் தராமல் கடந்து போகும். மொத்தத்திலும் இல்லை, தலைப்பிலும் இல்லை என்பதால் வரவுப் பக்கத்துக்கு ஒரு சரிபார்ப்புக் கட்டம் இருந்திருந்தாலும் அதுவும் பூச்சியத்தையே காட்டியிருக்கும். எண்கள் வலப்புறம் ஒட்டி நிற்கும் பத்தியில் இது மட்டும் இடப்புறம் ஒட்டி நின்றதே அடையாளம். இப்போது இதற்கென்று இரண்டாவது கட்டம் இருக்கிறது. நிரப்பப்பட்ட கட்டங்களின் எண்ணிக்கையிலிருந்து எண்கள் உள்ள கட்டங்களின் எண்ணிக்கையைக் கழிக்கிறது:

```
=COUNTA('பதிவு'!F2:F2000)-COUNT('பதிவு'!F2:F2000)
```

மூன்றாவது வகைப் பிழை இந்த இரண்டு கட்டங்களுக்கும் சிக்காதது, ரொக்கத்தை எண்ணினாலும் தெரியாதது. மூன்றாம் ஆண்டில் வசூலான ரொக்கத்திலிருந்து 20,000-ஐ வங்கியில் கட்டினோம். எழுதியவர் அதைக் கைரொக்கச் செலவு என்று ஒரு வரியும், வங்கி வரவு என்று இன்னொரு வரியும் போட்டுவிட்டார். இருப்பு துல்லியமாக ஒத்துப்போயிற்று. ஆனால் மொத்த வரவும் மொத்தச் செலவும் தலா 20,000 ஊதிப் பெருகியிருந்தன. ரசீது அடிக்கட்டைகளின் கூட்டுத்தொகையை வரவோடு ஒப்பிட்டபோதுதான் வெளிப்பட்டது. ஆகவே ‘மாற்று’ என்ற மூன்றாவது வகையைச் சேர்த்தோம். கையிலிருந்து கழித்தலாக ஒன்று, வங்கியில் கூட்டலாக ஒன்று என இரண்டு வரிகள் அதில் விழும். அவை வரவிலும் சேராது, செலவிலும் சேராது. பொருள் வாங்க உறுப்பினர் ஒருவர் எடுத்துச் செல்லும் முன்பணத்தையும் இப்படியே வைக்கிறோம். அவர் பில்லும் மீதிப் பணமும் கொடுத்த பிறகே பில்லில் உள்ள தொகை மட்டும் செலவாகிறது.

அடிக்கட்டை என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். ரசீதே போடாமல் வாங்கிய பணத்தை எந்த விரிதாளும் அறியாது. அதனால் ரசீதுப் புத்தகங்களுக்குத் தொடர் எண் அச்சிட்டு, எந்த எண்கள் யாரிடம் போயின என்பதைத் தனித் தாளில் குறிக்கிறோம். தவறாக எழுதிய ரசீதைக் கிழித்தெறிய அனுமதியில்லை. இரண்டு படிகளும் புத்தகத்திலேயே இருக்க வேண்டும், பதிவில் அதற்குப் பூச்சியம் என்ற தொகையோடு ஒரு வரியும் இருக்க வேண்டும். எண் வரிசையில் இடைவெளி தெரிந்தால் அன்றே கேட்டுவிட முடிகிறது. விழா முடிந்து ஒரு மாதம் கழித்துக் கேட்டால் யாருக்கும் நினைவிருப்பதில்லை.

பலகையில் ஒட்டும் அறிக்கை ஒரே பக்கம்தான். தொடக்க இருப்பு, வரவுத் தலைப்புகள், செலவுத் தலைப்புகள், இறுதி இருப்பு, அந்த இருப்பில் ரொக்கம் எவ்வளவு வங்கியில் எவ்வளவு என்பவை அதில் இருக்கும். தருவதாகச் சொல்லி இன்னும் தராத தொகையை நாங்கள் வரவில் காட்டுவதில்லை. வேலை முடிந்தும் பணம் கொடுக்காத பில்களை இருப்புக்குக் கீழே தனியாக எழுதுகிறோம். இல்லாவிட்டால், அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டிய பணம் குழுவின் சேமிப்பு போலத் தோன்றிவிடும். பொருளாகத் தந்தவர்களுக்கு நாங்களாக ஒரு விலையைக் கற்பித்துச் சேர்க்காமல், பெயரையும் பொருளையும் மட்டும் குறிப்பிடுகிறோம். நன்கொடையாளர் பட்டியலைத் தொகை வரிசையில் போடாமல் ரசீது எண் வரிசையில் போடுவது என் பிடிவாதம். தன் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு பலகையின் முன் நிற்பவர் தன் வரியை உடனே கண்டுபிடிக்க வேண்டும். குறைவாகக் கொடுத்தவர் பட்டியலின் அடியில் தன்னைத் தேட நேரக் கூடாது. பெயர் வெளியிட விரும்பாதவருக்கு ரசீது எண்ணும் தொகையும் மட்டும் இருக்கும்.

கைபேசியில் ஏழு பத்திகளைப் பார்ப்பது சிரமம்தான், அதற்கு இன்னும் நல்ல வழி கிடைக்கவில்லை. ஒரு பத்தியை மட்டும் தேர்ந்து வரிசைப்படுத்தினால் தொகைகள் வேறு பெயர்களுக்கு இடம் மாறிவிடும் ஆபத்தும் உண்டு. எனவே பதிவுத் தாளில் எழுதும் உரிமை இருவருக்கு மட்டுமே, மற்றவர்கள் பார்க்கலாம். தீராமல் நிற்பது, கைபேசி வழியாக நேரே வங்கிக்கு வந்து சேரும் சிறு தொகைகள். சிலவற்றில் அனுப்பியவர் பெயர் விளங்குவதில்லை. அவற்றை ‘அடையாளம் தெரியாதவை’ என்ற தலைப்பில் வைத்து, தேதியையும் தொகையையும் அறிக்கையிலேயே வெளியிடுகிறோம். கடந்த ஆண்டு அப்படி வெளியிட்ட ஐந்தில் மூன்றுக்கு உரியவர்கள் பலகையைப் பார்த்துவிட்டு வந்து ரசீது வாங்கிக்கொண்டார்கள். மற்ற இரண்டும் அதே தலைப்பில் இந்த ஆண்டு அறிக்கையிலும் நிற்கின்றன.