இந்தக் கதையா, இந்த கதையா?

எழுதும்போது பலரும் தயங்கும் இடம் இது. இலக்கணம் தெளிவாக இருக்கிறது: அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி ஆகியவற்றுக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும்.

ஒலி
ஒற்று இட்டால்: ‘அப்படிச் சொன்னான்’; வல்லோசை எழுத்திலேயே தெரிகிறது.
விட்டால்: ‘அப்படி சொன்னான்’, பொருள் மாறாது, ஓசை தளர்கிறது.

திருத்தம்
இட்டால் கவனம் வேண்டும். ‘இந்தக் கடை’யில் ‘பழைய’ சேர்த்தால் ‘இந்தப் பழைய கடை’. ‘நல்ல’ சேர்த்தால் ஒற்றே இல்லை, ‘இந்த நல்ல கடை’. ஒற்றைத் தீர்மானிப்பது அடுத்து நிற்கும் சொல். முன்பு இட்ட ‘க்’ அழிக்கப்படாமல் தங்குவதை அடிக்கடி பார்க்கிறேன்.
விட்டால் இந்த வேலை இல்லை.

அச்சுக்கும் தேர்வுக்கும் இடுங்கள். அவசரக் குறுஞ்செய்தியில் விடலாம். ‘இது’ மேலே சொன்ன பட்டியலில் இல்லை; ‘இது கதை’யில் ஒருபோதும் இடாதீர்கள்.